வேண்டுதலில் விட்டுப்போன ஒன்று

*"நான் டிரெய்லர் டிரைவராக இருந்தவன். மூன்று வருஷத்துக்கு முன்னால் மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் ராத்திரி ரிவர்ஸ் எடுக்கும்போது, பின்னால் நின்று சைகை காட்டிய கிளீனர் பையன் சிக்கி இறந்துவிட்டான். 22 வயசு. அப்போது நான் போனில் பேசிக்கொண்டிருந்தேன். 'அவன்தான் கவனிக்காமல் குறுக்கே வந்துட்டான்' என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள், போலீஸில் நானும் அதையே சொல்லிவிட்டேன். போன் விஷயம் என் மனைவிக்குக்கூடத் தெரியாது. கேஸ் அபராதத்தோடு முடிந்தது. வண்டியை விட்டுவிட்டு இப்போது மூட்டை தூக்குகிறேன். மனைவி கத்தோலிக்கர். 'இயேசு மன்னிச்சுட்டார், நீதான் உன்னை மன்னிக்க மாட்டேங்கிற' என்கிறாள். அம்மா 'கர்மாடா, அனுபவிச்சுத்தான் தீரணும்' என்கிறார். ராமேஸ்வரத்தில் மூன்று தடவை பரிகாரம் செய்தாச்சு. பௌர்ணமிக்கு ஒற்றியூர் போகிறேன், ராயபுரம் சர்ச்சிலும் உட்கார்ந்து அழுகிறேன். என் பெண் குழந்தையைத் தூக்கக்கூடக் கை வரவில்லை. செத்துவிடலாமா என்றும் சில நாள் தோன்றுகிறது. என்னை நானே மன்னிக்க, எந்தச் சாமியிடம் எப்படி வேண்ட வேண்டும்?"*

— பெயர் வேண்டாம், தண்டையார்பேட்டை

தம்பி,

உங்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றித்தான் கடிதத்தை வெளியிட்டிருக்கிறோம். அந்தக் கவலை வேண்டாம்.

கடைசிக்கு முந்தைய வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். செத்துவிடலாமா என்று தோன்றுவதை நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், என்னால் அப்படிக் கடந்துபோக முடியாது. அந்த எண்ணம் வருகிற நாளில் 14416-ஐக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் அது. எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. அப்புறம், இந்த வாரமே ஸ்டான்லி ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு ஒரு நடை போய்வாருங்கள். தூக்கம் எப்படி இருக்கிறது, அந்தச் சத்தம் திரும்பத் திரும்பக் காதில் கேட்கிறதா, தெருவில் ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்தால் உடம்பு என்ன செய்கிறது, இதையெல்லாம் மறைக்காமல் சொல்லுங்கள். கண்ணெதிரே நடந்த ஒரு சாவுக்குப் பிறகு மனம் அந்த நிமிஷத்தைவிட்டு நகராமல் நிற்பது வைத்தியம் உள்ள ஒரு நிலை. அது சரியாகாமல் இருப்பதைப் பார்த்துவிட்டு, என் வேண்டுதல் மேலே போய்ச் சேரவில்லை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு வேறு விஷயம்.

இனி உங்கள் கேள்வி.

உங்கள் மேல் தப்பே இல்லை என்று நான் சொல்லப்போவதில்லை. மூன்று வருஷமாக நிறைய பேர் சொல்லியிருப்பார்கள், ஒரு பிரயோஜனமும் இருந்திருக்காது. டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்கும்போது பின்பக்கம் முழுக்கக் கண்ணாடியில் தெரியாது என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். அந்த இருட்டில் உங்களுக்குக் கண்ணாக இருந்தவன் அந்தப் பையன். அவன்மேல் இருக்க வேண்டிய கவனம் போனில் இருந்தது. அது தவறுதான்.

ஆனால் உங்கள் கடிதத்தில் இருப்பது ஒரு தவறு அல்ல, இரண்டு. யார்டில் நடந்தது சில நொடி சமாச்சாரம், நீங்கள் நினைத்துச் செய்ததில்லை. ஸ்டேஷனில் நடந்தது வேறு. அங்கே யோசிக்க நேரம் இருந்தது, பேசிய வாய் உங்களுடையது, பழி போனது திரும்பிப் பேச முடியாத ஒருவன்மேல். ராமேஸ்வரம், பௌர்ணமி, ராயபுரத்துக் கண்ணீர் எல்லாம் முதல் தவறுக்காகவே நடந்திருக்கின்றன. இரண்டாவதை நீங்கள் எந்தச் சன்னிதியிலும் இறக்கி வைத்ததாகக் கடிதத்தில் இல்லை. எனக்கு எழுதும்போதும் அதை ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். எத்தனை வேண்டினாலும் குற்ற உணர்வு இம்மியும் குறையவில்லை என்று வருகிறவர்களிடம், இன்னும் சொல்லாமல் வைத்திருப்பது ஏதாவது உண்டா என்று கேட்பது என் வழக்கம். சிலரிடம் ஒன்றுமே இருக்காது, அவர்களுக்கு அது வெறும் நோய். உங்களிடம் இருக்கிறது.

அதை இறக்கி வைப்பதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை. ஒரு தாளை எடுத்து, அந்த ராத்திரி அவன் சாவதற்குக் காரணமான எல்லாவற்றையும் எழுதுங்கள். யார்டில் வெளிச்சம் இருந்ததா? வண்டியில் ரிவர்ஸ் பஸர் வேலை செய்ததா? எத்தனை மணி நேரமாக நீங்கள் தூங்காமல் ஓட்டிக்கொண்டிருந்தீர்கள்? போன் யார் செய்தது? ஆபீஸிலிருந்து "எங்கே இருக்கே, ஏன் லேட்டு" என்று விரட்டிய போனா, அல்லது நீங்களே சும்மா பேசியதா? சைகை காட்டுகிறவன் எங்கே நிற்க வேண்டும் என்று அந்தப் பையனுக்கு யாராவது சொல்லிக்கொடுத்திருந்தார்களா? ஒவ்வொன்றுக்கும் நூற்றில் எவ்வளவு பங்கு என்று போட்டு, உங்கள் பங்கைக் கடைசியில் எழுதுங்கள். முதலிலேயே எழுதினால் எல்லாரும் நூறு என்றுதான் போடுவார்கள். கடைசியில் எழுதும்போது நாற்பதோ அறுபதோ வரும். அது பூஜ்யம் ஆகாது, ஆக்கவும் கூடாது. உங்களுடையது என்று உறுதியாகத் தெரிந்த அந்தப் பங்கைத்தான் சாமி முன்னால் கொண்டுபோக வேண்டும். மொத்தப் பாரத்தையும் தூக்கிக்கொண்டு போனால், எதற்காக மன்னிப்புக் கேட்கிறோம் என்பதே தெளிவில்லாமல் "நான் பாவி, நான் பாவி" என்று சுற்றிச் சுற்றி வருவோம்.

இப்போது உங்கள் மனைவி சொல்வதைப் பார்ப்போம். "உன்னை நீயே மன்னித்துக்கொள்" என்று ஒரு கட்டளை பைபிளில் எங்கும் கிடையாது. மன்னிப்பு கடவுளிடமிருந்து வருகிறது, மனிதர் ஒருவரையொருவர் மன்னிக்கிறார்கள், அவ்வளவுதான். தன்னைத் தானே குற்றவாளி என்று தீர்த்துக்கொள்கிற மனசுக்கு யோவானின் முதல் கடிதம் மூன்றாம் அதிகாரத்தில் ஒரு பதில் இருக்கிறது: நம் இதயமே நம்மைக் குற்றவாளி என்று சொன்னாலும், கடவுள் நம் இதயத்தைவிடப் பெரியவர், அவருக்கு எல்லாம் தெரியும். எனக்கு இது பெரிய ஆறுதலாகப் படுகிறது, ஏனென்றால் இதில் "உன் மனசை மாற்று" என்ற வற்புறுத்தல் இல்லை. உங்கள் மனசு இன்னும் பத்து வருஷம் உங்களைத் திட்டிக்கொண்டே இருக்கலாம். கடைசித் தீர்ப்பு அதனிடம் இல்லை என்பதுதான் அங்கே சொல்லப்படுகிறது. இரண்டாவது பாதியையும் கவனியுங்கள். அவருக்கு எல்லாம் தெரியும். போனும் தெரியும், ஸ்டேஷனும் தெரியும்.

கிறிஸ்தவர்கள் பாவ மன்னிப்புக்கென்று அதிகம் ஜெபிக்கும் பாட்டு 51-ஆம் சங்கீதம். அதன் தலைப்பிலேயே தாவீது ராஜாவின் கதை குறிப்பிடப்பட்டிருக்கிறது. உங்களுக்காகவே சொன்னது மாதிரி இருக்கும், கேளுங்கள். தாவீது தன் படைவீரன் உரியாவின் மனைவியைக் கூட்டிவரச் செய்தான், அவள் கர்ப்பமானாள். அதை மறைக்க, உரியாவைப் போரில் முன்வரிசையில் நிறுத்திச் சாகவைத்தான். சாவுச் செய்தி வந்தபோது அவன் சொன்ன பதில்: போர் என்றால் வாள் இன்றைக்கு ஒருத்தனை வெட்டும், நாளைக்கு இன்னொருத்தனை வெட்டும், கவலைப்படாதே. அதாவது, யாரும் காரணமில்லை, தானாக நடந்தது. "அவன்தான் குறுக்கே வந்துட்டான்" என்பதற்கு இது எவ்வளவு பக்கம் பாருங்கள். உங்கள் தவறு அவனுடையதைப் போலத் திட்டமிட்ட கொலை அல்ல, அதை நான் சமமாக வைக்கவில்லை. மறைத்த விதம் ஒன்றுதான்.

அப்புறம் நாத்தான் என்ற தீர்க்கதரிசி வந்து, ஏழை ஒருவனின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்துக்கொண்ட பணக்காரனின் கதையைச் சொல்லி, தாவீது கோபத்தில் கொதிக்கும்போது "நீயே அந்த மனுஷன்" என்கிறார். தாவீது "நான் பாவம் செய்தேன்" என்கிறான். அடுத்த பேச்சே மன்னிப்பு: கர்த்தர் உன் பாவத்தை நீக்கிவிட்டார், நீ சாவதில்லை. அதற்கு விரதம் கிடையாது, தவணை கிடையாது. பொய் உடைந்த இடத்திலேயே மன்னிப்பு வந்துவிடுகிறது. "இயேசு மன்னிச்சுட்டார்" என்று உங்கள் மனைவி சொல்வதன் வேர் இங்கே இருக்கிறது. கிறிஸ்தவ நம்பிக்கையில் அந்தக் கடனை கிறிஸ்து சிலுவையில் ஏற்கெனவே கட்டிவிட்டார், மனிதன் உழைத்துச் சம்பாதிக்க மீதி ஒன்றுமில்லை. கத்தோலிக்கரும் பெந்தெகொஸ்தே சபைக்காரரும் மற்றதில் எவ்வளவு சண்டை போட்டாலும் இதில் ஒன்றுதான்.

ஆனால் உங்கள் மனைவி அவசரத்தில் விட்டுவிட்ட பகுதி ஒன்று இருக்கிறது. அவர் சார்ந்த திருச்சபையின் மறைக்கல்வி நூலே சொல்கிறது: பாவ மன்னிப்பு பாவத்தை நீக்குகிறது, பாவத்தால் வந்த சேதத்தையெல்லாம் அது சரிசெய்துவிடாது. அதனால்தான் பாவசங்கீர்த்தனம் என்கிற ஒப்புரவு அருட்சாதனத்தில் மனஸ்தாபம், அறிக்கையிடுதல் இவற்றோடு பரிகாரமும் இருக்கிறது. திருடியதைத் திருப்பிக் கொடு, கெடுத்த பேரைச் சரிசெய் என்பதும் அதில் அடக்கம். காணிக்கை செலுத்தப் பீடத்துக்கு வரும்போது உன் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பது ஞாபகம் வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் அவனோடு முதலில் ஒப்புரவாகு என்று மலைப்பொழிவில் இயேசு சொல்கிறார். ராயபுரம் கோயிலில் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு இதைவிட நேரடியான பதில் எனக்குத் தோன்றவில்லை. ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: நீங்கள் ஞானஸ்நானம் பெறாதவர் என்பதால் பாவசங்கீர்த்தனம் கேட்டு மன்னிப்பு வழங்கும் சடங்கை உங்களுக்குச் செய்ய மாட்டார்கள். பங்குத்தந்தையிடம் தனியே உட்கார்ந்து பேசத் தடையில்லை. பேசுங்கள்.

தாவீதின் கதையில் உங்களைப் பயமுறுத்தக்கூடிய ஒரு இடம் உண்டு. அவனுக்குப் பிறந்த குழந்தை நோயில் விழுந்து இறந்துவிடுகிறது. நீங்கள் மகளைத் தொடப் பயப்படுவதற்குப் பின்னால், என் பாவம் அவளைப் பிடித்துவிடும் என்ற எண்ணம் இருக்கலாம் என்று எனக்குச் சந்தேகம். அப்படியானால் எசேக்கியேல் 18-ஆம் அதிகாரத்தை மனைவியிடம் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். தகப்பன் செய்த அக்கிரமத்தைப் பிள்ளை சுமக்காது என்று அங்கே பட்டவர்த்தனமாக இருக்கிறது. தாவீது அடுத்து என்ன செய்தான் என்பதையும் பாருங்கள். ஏழு நாள் தரையில் கிடந்து சாப்பிடாமல் அழுதவன், எழுந்து குளித்தான், வேறு துணி உடுத்தினான், கும்பிட்டான், சாப்பாடு போடச் சொன்னான். வேலைக்காரர்களுக்கே ஆச்சரியம். தண்டனையைத் தன் கையால் நீட்டிக்கொண்டே போகவில்லை அவன்.

சரி, அம்மா பக்கம் வருவோம். "அனுபவிச்சுத்தான் தீரணும்" என்பது நம் வீடுகளில் அடிக்கடி கேட்கிற பேச்சுதான், ஆனால் இந்து மரபு அத்தோடு நிற்கவில்லை. வினைக்குப் பலன் உண்டு, உண்மை. அந்தப் பலனை யார் கொடுப்பது? சைவ சித்தாந்தம் இதில் தெளிவாகச் சொல்கிறது: வினை அறிவில்லாதது, தானாகப் போய் ஒருவனைச் சேராது, சேர்ப்பவன் சிவன். எவ்வளவு, எப்போது, எப்படி என்பது அவன் கணக்கு. நீங்கள் லைசென்ஸைப் பெட்டியில் பூட்டிவிட்டு மூட்டை தூக்குவது, பிள்ளையைத் தூக்காமல் இருப்பது எல்லாம் அவன் வேலையை நீங்கள் எடுத்துச் செய்வது. அதற்கு உங்களை யாரும் நியமிக்கவில்லை.

நீங்கள் பௌர்ணமிக்குப் போகிற அதே ஒற்றியூர்க் கோயிலில் உங்களுக்கு வேண்டிய கதை இருக்கிறது. மாசித் திருவிழாவில் மகிழடி சேவை பார்த்திருப்பீர்கள். சுந்தரர் அங்கே சங்கிலியாரை மணக்க ஆசைப்பட்டார். உன்னைப் பிரிய மாட்டேன் என்று சன்னிதியில் சத்தியம் செய்ய வேண்டும் என்று வந்தது. திருவாரூரில் ஏற்கெனவே மனைவி பரவையார் இருக்கிறார், ஒற்றியூரிலேயே தங்கிவிட முடியாது என்பது சுந்தரருக்குத் தெரியும். அதனால் ஒரு தந்திரம் செய்தார். நான் சத்தியம் செய்கிற நேரத்தில் நீ சன்னிதியைவிட்டு மகிழ மரத்தடிக்குப் போய்விடு என்று சிவனிடமே கேட்டுக்கொண்டார். சாமி இல்லாத இடத்தில் செய்த சத்தியம் கட்டாது என்று கணக்கு. சிவனோ சங்கிலியார் பக்கமும் பேசி, சத்தியத்தை மகிழடியிலேயே வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார். சுந்தரர் வேறு வழியில்லாமல் சத்தியம் செய்தார், பிறகு ஆரூர் நினைப்பில் ஊரைவிட்டுக் கிளம்பினார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயிற்று.

அடுத்து நடந்ததில்தான் உங்களுக்கான விஷயம் இருக்கிறது. கண் போனவர் மனமுடைந்து ஒரு மூலையில் உட்காரவில்லை. அழுக்கு உடம்போடு உன் திருவடிக்கு வந்தேன், வழுக்கி விழுந்தாலும் உன் பேரைத் தவிர எனக்கு வேறு தெரியாது என்று ஒற்றியூரானிடம் பாடிக்கொண்டே நடந்தார். திருவெண்பாக்கம் போய், "கோயிலில் இருக்கிறாயா?" என்று கேட்டார். உள்ளேயிருந்து வந்த பதில் "உளோம், போகீர்". இருக்கிறோம், நீ போ. அவ்வளவுதான். கையில் ஒரு ஊன்றுகோல் மட்டும் கிடைத்தது. காஞ்சிபுரத்தில் இடக்கண் வந்தது. திருவாரூரில்தான் வலக்கண். முழு விடுதலை ஒரே கோயிலில், ஒரே பாட்டில் கிடைக்கவில்லை. பார்வை வரும் வரைக்கும் காத்திருந்து பிறகு நடக்கலாம் என்று அவர் இருந்திருந்தால் ஒற்றியூர் எல்லையிலேயே நின்றிருப்பார். "என்னை நானே மன்னித்த பிறகுதான் வாழ்வேன்" என்று நீங்கள் வைத்திருக்கும் நிபந்தனையும் அப்படிப்பட்டது.

கதை இன்னும் முடியவில்லை. கண் திரும்பிய பிறகும் பரவையார் கதவைத் திறக்கவில்லை. சிவனே இரண்டு தடவை தூது போக வேண்டியிருந்தது. ஆண்டவன் மன்னித்தது ஒரு கணக்கு, காயப்பட்ட மனுஷி மன்னிப்பது வேறு கணக்கு என்பதைப் பெரியபுராணம் மறைக்காமல் வைத்திருக்கிறது. ஒற்றியூரில் விட்டுப்போன சங்கிலியாரின் மனசைப் பற்றி அந்தக் கதை இதில் கால்வாசிகூடப் பேசுவதில்லை என்பது என் தனிப்பட்ட மனக்குறை.

பரிகாரம் பற்றி இரண்டு வார்த்தை. தர்ம சாஸ்திரங்களில் பிராயச்சித்தத்துக்குத் தனிப் பகுதியே உண்டு. மனு ஸ்மிருதியும் அதில் ஒன்று. அதன் சாதிக் கணக்கு எனக்கு ஒவ்வாது, தண்டனையையே சாதி பார்த்து அளந்து கொடுக்கிற புத்தகம் அது. ஆனாலும் பாவம் தீருவதற்கு அது சொல்லும் வழிகளில் முதலாவது, செய்ததை வாய்விட்டு வெளியே சொல்வது. எவ்வளவுக்குத் தானே சொல்கிறானோ அவ்வளவுக்கு, பாம்பு சட்டையை உரிப்பதுபோல அவன் விடுபடுகிறான் என்கிறது. பிறகு வருத்தம், தவம், ஓதுதல், தானம். தெரியாமல் செய்ததற்கும் தெரிந்து செய்ததற்கும் வேறு வேறு பிராயச்சித்தம் வைக்கிறது. அதன்படி பார்த்தாலும் யார்டும் ஸ்டேஷனும் ஒரே கணக்கில் வராது. இன்னொன்று, அந்த விரதங்களுக்கெல்லாம் நாள் கணக்கு உண்டு. கிருச்சிரம் பன்னிரண்டு நாள். சாந்திராயணம் ஒரு மாசம், பிறையைப் பார்த்துச் சோற்றுக் கவளத்தைக் குறைத்துக் கூட்டுவது. முடிந்ததும் குளித்து, உறவோடு சேர்ந்துகொள்ள வேண்டும். முடித்தவனைப் பிறகு யாரும் அருவருக்கக் கூடாது. சாஸ்திரம் சொல்லும் இந்த விரதங்களுக்கே ஒரு முடிவு இருக்கும்போது, மூன்று தடவை ராமேஸ்வரம் போனவருக்கு நாலாவது தடவை போகச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

வேண்டுதல் எப்போது வியாதியாக மாறுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு தடவை வேண்டினால் கிடைத்த நிம்மதி வரவர அரைமணி நேரம்கூட நிற்காது. ஒரு நாள் விட்டுப்போனால் ஏதோ கெடுதல் நடக்கும் என்று பயம் வரும். சரியாகச் சொன்னோமா என்று முதலிலிருந்து ஆரம்பிப்போம். இது பெரிய பக்தர்களுக்கும் வந்ததுதான். இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் 1522-இல் ஸ்பெயினின் மன்ரேசா ஊரில் தங்கியிருந்தபோது, பழைய பாவங்களைத் திரும்பத் திரும்ப அறிக்கையிட்டும் திருப்திவராமல், உயிரை விட்டுவிடலாமா என்கிற அளவுக்குப் போயிருக்கிறார். கடைசியில், பழையதை இனி அறிக்கையிட மாட்டேன் என்று முடிவெடுத்துத்தான் மீண்டார். உங்கள் முதல் தவறு இந்த நிலையில்தான் இருக்கிறது. அதற்கு இனிப் புதிதாகப் பரிகாரம் வேண்டாம். இரண்டாவதற்கு ஒன்று பாக்கி இருக்கிறது, அது கோயிலுக்கு வெளியே செய்ய வேண்டியது.

அந்தப் பையனுக்கு ஒரு அம்மா இருப்பார், அல்லது அப்பா, கூடப் பிறந்தவர்கள். தங்கள் பிள்ளை அவனுடைய கவனக்குறைவால்தான் செத்தான் என்று நம்பிக்கொண்டு மூன்று வருஷமாக அவர்கள் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கையைச் சரிசெய்யக் கூடியவர் நீங்கள் ஒருவர்தான். இதில் பணமும் சம்பந்தப்பட்டிருக்கலாம். மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில், இறந்தவர்மேலும் கவனக்குறைவு உண்டு என்று முடிவானால் அந்தப் பங்கை இழப்பீட்டில் கழிப்பதுண்டு. அவர்கள் வழக்குப் போட்டார்களா, எவ்வளவு வந்தது, உங்கள் வாக்குமூலத்தால் ஏதாவது குறைந்ததா என்பது உங்களுக்குத் தெரியாது.

ஆனால் நாளைக்கே பஸ் ஏறிப் போய் அவர்கள் வாசலில் விழுந்துவிடாதீர்கள். முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள். முடிந்த வழக்கில் இப்போது உண்மையைச் சொன்னால் உங்களுக்கு என்ன வரும், அந்தக் குடும்பத்துக்கு இழப்பீட்டில் இன்னும் வழி இருக்கிறதா, இரண்டையும் கேளுங்கள். காசில்லை என்றால் 15100-க்குக் கூப்பிடுங்கள், சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் உதவி எண் அது. இலவச வக்கீல் கிடைக்க வழி சொல்வார்கள். வக்கீல் சொன்னதைக் கேட்டு, என்ன விளைவு வரும் என்று தெரிந்துகொண்டு, பிறகு முடிவெடுங்கள். அந்த முடிவை நான் உங்களுக்காக எடுக்க முடியாது.

அவர்களிடம் சொல்வது என்று முடிவானால், நேரில் போகாமல், இரு தரப்புக்கும் தெரிந்த ஒருவர் மூலம் "அவர் ஒன்று சொல்ல விரும்புகிறார், கேட்பீர்களா" என்று முதலில் கேட்டு அனுப்புங்கள். வேண்டாம் என்றால் அத்தோடு நிறுத்திவிட வேண்டும், அது அவர்கள் உரிமை. சரி என்றால் ஒரு கடிதம், வக்கீலிடம் காட்டிவிட்டு. அம்மா, உங்கள் மகன் தப்பான இடத்தில் நிற்கவில்லை. அவன் வேலையை அவன் சரியாகச் செய்தான். நான் அப்போது போனில் பேசிக்கொண்டிருந்தேன். போலீஸில் அவன்மேல் பழி சொன்னேன், அது பொய். இதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. இவ்வளவு போதும். "என்னை மன்னித்துவிடுங்கள்" என்று எழுதாதீர்கள். எழுதினால் உங்களைத் தேற்றும் வேலையையும் பிள்ளையைப் பறிகொடுத்தவர் தலையில் கட்டுகிறீர்கள். என் தூக்கம் போயிற்று, என் குடும்பம் கஷ்டப்படுகிறது என்றும் வேண்டாம்.

எந்தச் சாமியிடம் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் பௌர்ணமிக்குப் போகிற ஒற்றியூரில் வடிவுடையம்மன் சன்னிதி இருக்கிறது, அங்கேயே வேண்டுங்கள். மனைவி அவர் நம்பிக்கைப்படி உங்களுக்காக ஜெபிக்கட்டும், கூடப் போய் உட்காருவதிலும் தப்பில்லை. ஆனால் ஒன்று பலிக்கவில்லை என்றால் இன்னொன்று என்று இரண்டு இடத்திலும் சீட்டுப் போட்டு வைப்பது மாதிரி அலையாதீர்கள். கடன் ஏற்கெனவே கட்டப்பட்டது என்பது ஒரு நம்பிக்கை, வினையின் பலனை அளப்பதும் அருளால் அதை மாற்றுவதும் இறைவன் கையில் என்பது வேறு நம்பிக்கை. இரண்டையும் கலக்கிக் குடித்தால் ஒன்றும் ஒட்டாது.

எப்படி என்றால், சாயந்தரம் ஒரு நேரம் வைத்துக்கொண்டு, கால்மணி நேரத்துக்கு மேல் போகாமல். "என்னை நானே மன்னிக்க வை" என்று கேட்பதை நிறுத்திவிடுங்கள், அந்த வேண்டுதல் முழுக்க உங்களையே சுற்றுகிறது. பையன் பேரைச் சொல்லுங்கள். உங்கள் பங்கு என்று தாளில் எழுதியதை அப்படியே சொல்லுங்கள், கூட்டாமல் குறைக்காமல். ஸ்டேஷனில் பேசியதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிறகு, நாளைக்கு இதற்காக என்ன செய்யப் போகிறேன் என்று ஒன்றே ஒன்று. வக்கீலைப் பார்க்கிறேன், டாக்டரைப் பார்க்கிறேன், எதுவானாலும் சரி. அவனுக்காக ஒரு வார்த்தை வேண்டிவிட்டு எழுந்துவிடுங்கள். ராத்திரி அந்த நினைப்பு வந்தால், நாளைச் சாயந்தர வேண்டுதலில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவையுங்கள். முதலில் தள்ளாது. சில வாரம் போகட்டும்.

இதையெல்லாம் தொடங்குவதற்கு முன்னால் மனைவியிடம் சொல்லிவிடுங்கள். "இயேசு மன்னிச்சுட்டார்" என்று அவர் சொல்லும்போதெல்லாம், இவளுக்கு முழுசும் தெரிந்தால் இப்படிச் சொல்வாளா என்று உங்களுக்குள் ஒன்று கேட்டிருக்கும். அவருக்குக் கோபம் வரலாம். சில நாள் பேசாமல்கூட இருக்கலாம். குழந்தை தூங்கிய பிறகு, நிதானமாக, போனிலிருந்து ஆரம்பித்துச் சொல்லுங்கள். தனியாகச் சொல்லப் பயமாக இருந்தால் பங்குத்தந்தையையோ ஸ்டான்லியில் பார்க்கப்போகும் டாக்டரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். அதற்கப்புறம் எனக்கு எழுதுங்கள்.